பெயர் வெளியே வராதாம், பெரட்டில் வாசித்தார்களே!

கொழுந்து நிறையில் ஏன் வித்தியாசம் வருகிறது என்று ஆராய, நம் பகுதித் தோட்டமொன்றுக்குக் கம்பனி ஓர் ஆலோசகரை அனுப்பியது. மலையில் நிறுத்த கிலோவும் தொழிற்சாலையில் நிறுத்த கிலோவும் ஒத்துப்போவதில்லை. அது கம்பனியின் கவலை. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று ஒவ்வொரு நிறுவையிலும் 2 கிலோ வெட்டுகிறார்கள், நாளுக்கு மூன்று நிறுவை என்றால் 6 கிலோ போகிறது. இது நம் கவலை. 18 கிலோ எடுத்தால்தான் பேர் என்கிற மலையில், 22 கிலோ பறித்தவளுக்கு 16தான் எழுதப்படும். அவளுக்கு அரைப்பேர்தான் விழும்.

ஆகவே ஆலோசகர் வருவதை நாம் எதிர்க்கவில்லை. அவர் தொழிலாளரைத் தனித்தனியாகக் கண்டு பேச விரும்பியதும் சரி. “நீங்கள் சொல்வது இரகசியமாக இருக்கும், பெயர் வெளியே வராது” என்று அவர் கொடுத்த வாக்கையும் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த வாக்கு அவர் வாயைத் திறப்பதற்கு முன்னமே உடைந்துவிட்டது. உடைத்தது நேர அட்டவணை.

அட்டவணையைப் போட்டது யார்? தோட்டக் காரியாலயம். எட்டுப் பெயரை கணக்கப்பிள்ளை தெரிந்தெடுத்தார். காலைப் பெரட்டில் அந்த எட்டுப் பெயரையும் உரக்க வாசித்தார்கள். ஆளுக்கு 20 நிமிடம். இடம், காரியாலயத்தின் முன் அறை. அடுத்த ஆள் வெளியே வாங்கில் காத்திருக்க வேண்டும். ஆலோசகருக்குத் தமிழ் தெரியாது என்பதால் மொழிபெயர்க்க உட்கார்ந்தவர் காரியாலயக் கிளாக்கர். செக்ரோல் எழுதுகிறவரை நடுவில் வைத்துக்கொண்டு, செக்ரோலில் கிலோ குறைகிறது என்று எந்தப் பெண் சொல்வாள்? எல்லாரும் “பிரச்சினை இல்லை ஐயா” என்று சொல்லிவிட்டு மலைக்கு ஏறினார்கள்.

ஒருத்தி மட்டும் சொன்னாள். அறிக்கையில் அவள் பெயர் இல்லை. “கைக்குழந்தையுள்ள, கீழ்ப்பிரிவைச் சேர்ந்த ஒரு தொழிலாளி கூறியதாவது” என்று இருந்தது. கீழ்ப்பிரிவில் அப்போது கைக்குழந்தையுடன் வேலைக்கு வந்தவள் அவள் ஒருத்திதான். துரைக்கு யாரென்று கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பெயரை மறைப்பது வேறு, ஆளை மறைப்பது வேறு. சிறிய பிரிவில் வயது, பிரிவு, குடும்ப நிலை என்று இரண்டு அடையாளம் சேர்ந்தாலே ஆள் வெளியே வந்துவிடுவார். ஐந்தாறு பேராவது சொன்ன விடயத்தை “பலர் கூறினர்” என்று எழுதுவதும், ஒருவர் மட்டும் சொன்னதை அவர் வாய்ச்சொல்லாக எழுதாமல் தராசையும் புத்தகத்தையும் நேரில் சோதித்து எழுதுவதும்தான் முறை.

இப்போது அதே ஆலோசகர் அடுத்த தோட்டத்துக்கு வருகிறார். தோட்டக் கமிட்டி அவருக்கு நேரடியாகக் கடிதம் கொடுத்திருக்கிறது. செக்ரோலின் பிரதியை வாங்கி, ஆட்களை அவரே தெரிந்தெடுக்க வேண்டும். அதைவிட நல்லது, ஒரு கேங் முழுவதையும் அழைப்பது. 24 பேரும் போய்வந்தால், எவர் பேசினார், எவர் சும்மா இருந்தார் என்று யாருக்கும் தெரியாது. நாளுக்கு ஐந்தாறு பேருக்கு மேல் வேண்டாம். 20 நிமிடத்தில் பயம் தெளிவதற்கே நேரம் போய்விடும், முக்கால் மணி வேண்டும். கங்காணி, கணக்கப்பிள்ளை, லொறிச் சாரதி ஆகியோரையும் காணட்டும், வேறொரு நாளில். மொழிபெயர்ப்பாளர் வெளியிலிருந்து வர வேண்டும். இடம், பிள்ளை மடுவம் அல்லது 1.30க்கு விட்ட பிறகு பாடசாலை வகுப்பறை. அந்தி நிறுவைக்குப் பிறகு வேண்டாம், அந்நேரம் தண்ணீரும் அடுப்பும் பிள்ளையும் காத்திருக்கும். வேலை நேரத்தில்தான் நடக்க வேண்டும், போனவருக்கு முழுப்பேர் போடப்படும் என்று எழுத்தில் வர வேண்டும். அது இல்லாவிட்டால் பேசினவருக்கு அன்றைக்கே கிலோ குறையும்.

நம் தலைவர்மாருக்கும் ஒன்று சொல்கிறோம். அறைக்குள் துரையின் ஆள் இருக்கக் கூடாது என்றால் சங்கத்தின் ஆளும் இருக்கக் கூடாது. தலைவரின் மச்சான் கங்காணியாக இருக்கும் தோட்டங்கள் நமக்குத் தெரியாதா?

ஆலோசகரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. “ஐயா, நீங்கள் எழுதும் குறிப்புப் புத்தகம் யாருக்குச் சொந்தம்?” அவருக்குச் சம்பளம் கொடுப்பது கம்பனி. குறிப்புகளெல்லாம் கம்பனிக்கே என்று ஒப்பந்தத்தில் இருந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் தந்த வாக்குக்குப் பலமில்லை. அறிக்கை மட்டும்தான் கம்பனிக்கு, குறிப்புகள் தன்னிடமே இருந்து பின் அழிக்கப்படும் என்று அவரும் கம்பனியும் கையெழுத்திட்ட தாள் வேண்டும். அதைத் தமிழில் பெரட்டில் வாசிக்கட்டும். நீதிமன்றம் கேட்டாலோ, ஓர் ஆளின் உயிருக்கு ஆபத்தென்று தெரிந்தாலோ சொல்லத்தான் வேண்டியிருக்கும் என்றால், அதையும் பேசத் தொடங்கும் முன்னே சொல்லிவிட வேண்டும்.

கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. பதில் வரும்வரை, காரியாலயத்திலிருந்து பெயர் கேட்டு வருகிறவர்களிடம் பெயர் கொடுக்க வேண்டாம். கமிட்டியிடம் அனுப்புங்கள்.