விசா முடியும் தேதியும் சிகிச்சை முடியும் தேதியும்

மருத்துவ விசாவில் திருவனந்தபுரத்துக்கு வரும் வெளிநாட்டு நோயாளி, விசா முடிவதற்குள் சிகிச்சை முடியாவிட்டால் தாய்நாட்டுக்குத் திரும்பாமல் இங்கிருந்தபடியே நீட்டிப்புக் கேட்கலாம். நகரிலுள்ள வெளிநாட்டினர் மண்டலப் பதிவு அலுவலகம், அதாவது எஃப்ஆர்ஆர்ஓ, அதைப் பரிசீலிக்கிறது. 2018 ஏப்ரல் முதல் விண்ணப்பம், ஆவணங்கள், கட்டணம் எல்லாம் இ-எஃப்ஆர்ஆர்ஓ தளத்தின் வழியே செல்கின்றன. அலுவலகம் அழைத்தால் மட்டும் நேரில் போனால் போதும். தகுந்த மருத்துவமனையின் சான்று இருந்தால் மருத்துவ விசாவை ஓராண்டு வரை நீட்டிக்க விதி இடம் தருகிறது. உடன் வந்த உறவினர் இருவர் வரை துணையாளர் விசாவில் இருக்கலாம். அவர்களின் காலம் நோயாளியின் காலத்தைத் தாண்டாது.

விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது பழைய விசா முடிந்துவிட்டால் அந்த நபரின் நிலை என்ன? மருத்துவமனைகளின் வெளிநாட்டு நோயாளிப் பிரிவினரும் குடிவரவு வழக்கறிஞர்களும் அதிகம் இடறும் இடம் இதுதான். பிரிட்டனில் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3சி பிரிவு, உரிய காலத்தில் விண்ணப்பித்தவரின் பழைய அனுமதியை முடிவு வரும்வரை தானாகவே நீட்டிக்கிறது. அவர் நாட்டை விட்டு வெளியேறினால் அந்தப் பாதுகாப்பும் அதோடு போய்விடும். ஆஸ்திரேலியா இதற்கென இடைக்கால விசாவையே வழங்குகிறது. அதில் ஏ வகையை வைத்திருப்பவர் வெளியே போனால் அதைக் கொண்டு திரும்ப முடியாது. போய்த் திரும்ப வேண்டுமானால் புறப்படும் முன்பே பி வகையைப் பெற வேண்டும்.

இந்தியச் சட்டத்தில் இத்தகைய பாலம் கிடையாது. 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டமும் அதை அமைக்கவில்லை. தளம் தரும் விண்ணப்ப எண், விசா முடியும் முன்பே விண்ணப்பித்ததற்குச் சான்று மட்டுமே. காலதாமதம் விண்ணப்பதாரரின் தவறல்ல என்று காட்ட அது உதவும். தங்கும் உரிமையையோ மீண்டும் நுழையும் உரிமையையோ அது தருவதில்லை. மனம் வைத்தால் அரசால் பாலம் போட முடியும் என்பதற்கு முன்மாதிரி உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் விமானங்கள் நின்றபோது, இங்கே சிக்கியிருந்தவர்களின் விசா தனி விண்ணப்பமோ கட்டணமோ இன்றிச் செல்லுபடியாவதாகக் கருதப்படும் என்று உள்துறை அமைச்சகம் 2021 ஜூனில் அறிவித்தது. அந்த ஏற்பாடு அவ்வாண்டு செப்டம்பர் இறுதி வரை தொடர்ந்தது. படுக்கையில் இருக்கும் நோயாளிக்காவது அத்தகைய ஒரு விதியை நிரந்தரமாக எழுதிவைப்பது நியாயம். அது வரும்வரை பாலத்தின் வேலையை நாள்காட்டிதான் செய்ய வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஓமானிலிருந்து வந்த ஒருவருக்கு 2026 ஜனவரி 19 அன்று கீமோதெரபி தொடங்குகிறது என்று கொள்ளலாம். இருபத்தொரு நாளுக்கு ஒன்றாக ஆறு சுற்று. ஐந்தாவது ஏப்ரல் 13, ஆறாவது மே 4. நான்கு வாரம் விட்டு ஜூன் 1 முதல் ஐந்து வாரம் கதிர்வீச்சு, அதாவது ஜூலை 3 வரை. ஜூலை நடுவில் மறுபரிசோதனை. அவருடைய விசா ஜூன் 10 அன்று முடிகிறது. மனைவியும் மகனும் வேறொரு நாளில் விசா வாங்கியதால் அவர்களுடையது ஜூன் 2 அன்றே முடிகிறது. குடும்பம் முழுவதும் நோயாளியின் தேதியையே மனதில் வைத்திருக்கும். ஆனால் முதலில் வரும் தேதி துணையாளர்களுடையது. எனவே கோப்பைத் திறக்கும் முதல் நாளிலேயே மூன்று பாஸ்போர்ட்டையும் தனித்தனியாகப் பார்த்து, மிக அருகில் உள்ள முடிவு நாளைக் கோப்பின் மேலே எழுதிவைக்க வேண்டும்.

முடிவு நாளுக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முன்னதாக விண்ணப்பிப்பது சரியான அளவு. இந்தக் குடும்பத்துக்கு அது ஐந்தாம் சுற்றுக்காக மருத்துவமனைக்கு வரும் ஏப்ரல் 13ஐ ஒட்டி அமைகிறது. அன்றே மருத்துவரின் கடிதத்தைப் பெற்று மூன்று விண்ணப்பங்களையும் சேர்த்துப் போடலாம். ஆனால் அன்றைக்குக் கதிர்வீச்சு இன்னும் தொடங்கியிருக்காது. அதனால் பல கடிதங்கள் ‘சிகிச்சையில் உள்ளார்’ என்ற ஒரே வரியோடு முடிந்துவிடுகின்றன. எத்தனை நாள் தருவது என்று அதிகாரி முடிவு செய்ய அந்த வரி உதவாது. விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வரும். அது நோயாளியின் முகவரிக்குப் போய், திறக்கப்படாமலேயே இரண்டு வாரம் கிடக்கும். இதுவரை முடிந்த சுற்றுகள், இனி நடக்கவிருப்பவை, அவற்றின் தேதிகள், மறுபரிசோதனை, துணை தேவைப்படும் காரணம் ஆகியவை கடிதத்தில் இருந்து, ஜூலை 31 வரை என்று நாளும் குறிக்கப்பட்டிருந்தால் கேள்விக்கு இடம் குறைவு.

அடுத்த தடை முகவரி. வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அதற்குரிய படிவத்தில் தெரிவிக்க வேண்டும். ஓட்டல்கள் இதைச் செய்துவிடும். உள்ளூர் என்னும் பகுதியிலும் மருத்துவக் கல்லூரியைச் சுற்றிலும் மாத வாடகைக்கு வீடு விடுபவர்களில் பலருக்கு இப்படியொரு கடமை இருப்பதே தெரியாது. விண்ணப்பத்தில் எழுதிய முகவரிக்குப் பதிவு இல்லையென்றால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். வாடகை குறைவு என்று மார்த்தாண்டத்துக்கோ நாகர்கோவிலுக்கோ குடும்பம் இடம் மாறினால் சிக்கல் இன்னும் பெரிது. அது வெறும் பேருந்துத் தொலைவாகத் தோன்றலாம். ஆனால் மாநிலம் மாறுவதால் அதிகார எல்லையும் மாறி, கோப்பு வேறொரு அலுவலகத்தின் பொறுப்புக்குப் போய்விடலாம். முடிவு வரும்வரை வீட்டை மாற்றாமலிருப்பது நல்லது. மாற்றியே ஆகவேண்டுமென்றால் அதே நாளில் தளத்தில் தெரிவிக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பயணம் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. மே 20 அன்று மகனுக்கு மஸ்கட்டில் அவசர வேலை. விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. மருத்துவ விசா மூன்று நுழைவுகளுக்கானது, துணையாளருடையதும் அப்படியே. நுழைவு மீதமிருந்து, ஜூன் 2க்குள் திரும்பினால் பழைய விசாவிலேயே அவர் வரலாம். ஜூன் 3 அன்று வந்தால் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள். கையில் இருக்கும் விண்ணப்ப எண் அங்கே எதற்கும் பயன்படாது. நீட்டிப்பு என்பது நாட்டுக்குள் இருப்பவருக்குத் தரப்படுவது. வெளியே போய்விட்டவர் மஸ்கட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தில் புதிய துணையாளர் விசாதான் கேட்க வேண்டும். நீட்டிப்பு கிடைத்த பிறகு புறப்படுவதாக இருந்தாலும், நுழைவு பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டும். மறுநுழைவு இல்லையென்றால் புறப்படும் முன்பே அதே தளத்தில் திரும்பிவரும் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம்.

ஜூன் 10 கடந்தும் முடிவு வரவில்லை, நோயாளியே ஊர் திரும்ப விரும்புகிறார் என்றால் நேரே விமான நிலையத்துக்குப் போவது தவறு. குடிவரவு முகப்பில் இருப்பவருக்குத் தெரிவது காலாவதியான விசா மட்டுமே. வெளியேறும் அனுமதியைத் தளத்தில் கேட்டுப் பெற்ற பிறகே பயணச்சீட்டு வாங்க வேண்டும். ஏப்ரல் 13 அன்று போட்ட விண்ணப்பத்தின் எண், இடையில் வந்த கேள்விகள், பதில் அனுப்பிய நாட்கள் எல்லாம் வரிசையாகக் கோப்பில் இருந்தால், தாமதம் எங்கே நேர்ந்தது என்பதை அந்த விண்ணப்பத்தோடு சேர்த்துக் காட்டலாம். ஜூன் 10க்குப் பிறகு முதன்முறையாக நீட்டிப்புக் கேட்பவரிடம் அத்தகைய கோப்பு இருக்காது. அவர் அபராதத்தைச் சந்திக்க நேரும். 2025 சட்டப்படி கூடுதலாகத் தங்குவது மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கோ மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கோ இடம் தரும் குற்றம் என்பதையும் குடும்பத்தாரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.