நான்கு புள்ளிகள் தெரியாததால் போன பெயர்

அழைப்பிதழில் பாட்டியின் பெயர் இல்லை!

ஐந்நூறு அழைப்பிதழ்களும் அச்சாகி வந்து, மஞ்சள் தடவ எடுத்து வைத்த பிறகுதான் அதைப் பார்த்தார்கள். செலையூரில் எங்கள் உறவினர் வீட்டுத் திருமணம் அது. பாட்டி கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "என் பேரை எடுத்துட்டீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

உண்மையில் யாரும் எடுக்கவில்லை. நடந்தது இதுதான்.

அச்சகத்தில் இருந்து வந்த புரூப்பை மாமா திருத்தினார். பாட்டியின் பெயர் இரண்டு இடத்தில் வந்துவிட்டதாக நினைத்து, ஓர் இடத்தில் கோடு போட்டு அடித்தார். மறுபடி படித்தால், ஓர் இடத்தில்தான் இருக்கிறது. உடனே அடித்த பெயரின் கீழே நான்கு புள்ளிகள் வைத்தார். ஓரத்தில் "இருக்கட்டும்" என்று எழுதினார். "நான் அடித்தது செல்லாது, அப்படியே விடுங்கள்" என்பது இதன் பொருள். அச்சுத் தொழிலில் பழைய வழக்கம் இது.

அந்தத் தாளைச் செல்போனில் படம் எடுத்து அனுப்பினார்கள். படத்தில் தாளின் ஓரம் வெட்டுப்பட்டுப் போயிற்று. அதோடு "இருக்கட்டும்" என்ற சொல்லும் போயிற்று. கீழே வைத்த புள்ளிகள் மட்டும் மிஞ்சின. ஆனால் தமிழில் எழுத்துக்கு மேலே புள்ளி உண்டே! அந்த நான்கு புள்ளிகளும் அடுத்த வரியில் உள்ள மெய்யெழுத்துகளின் புள்ளிகளோடு கலந்துவிட்டன. அச்சகத்துப் பெண்ணின் கண்ணுக்குக் கோடு மட்டும் தெரிந்தது. பெயரை நீக்கிவிட்டார். அவர் மேல் என்ன குற்றம்?

இதற்குப் பிறகு எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. திருத்திய புரூப்பை வெறும் படமாக அனுப்பவே கூடாது. கூடவே மூன்று கட்டம் போட்ட ஒரு பட்டியலும் போக வேண்டும். முதல் கட்டத்தில் இடம். இரண்டாவதில் குறி. மூன்றாவதில் திருத்தம்.

ஒரு பிழைக்கு இரண்டு குறி

புரூப் திருத்துகிறவர் ஒரு பிழைக்கு இரண்டு குறி போடுவார். வரிக்குள் ஒன்று, ஓரத்தில் ஒன்று. வரிக்குள் போடும் கோடு "பிழை இங்கே" என்று காட்டும். ஓரத்தில் எழுதுவது "என்ன செய்ய வேண்டும்" என்று சொல்லும். ஒரே வரியில் இரண்டு பிழை இருந்தால், ஓரத்தில் இரண்டையும் வரிசையாக எழுதி நடுவே சாய்கோடு போடுவார்கள்.

ஆகவே ஓரம் இல்லாத படம் பாதிச் செய்திதான்.

இந்தக் குறிகளுக்கு உலக அளவில் ஐ.எஸ்.ஓ. 5776 என்ற தரமே இருக்கிறது. ஈய எழுத்தைக் கையால் பொறுக்கி அடுக்கிய காலத்தில் அச்சுக் கோப்பவருக்கும் புரூப் பார்ப்பவருக்கும் இவை தாய்மொழி மாதிரி. இன்று அழைப்பிதழ்க் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் பிள்ளைகளில் பலருக்கு இவற்றை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. "நீக்கு" என்பதற்கு ஒரு சுழித்த வால் போடுவார்கள். அவசரத்தில் போட்டால் அது "ஒ" என்ற எழுத்துப் போல இருக்கும். தெரியாதவர் அங்கே ஓர் "ஒ" சேர்த்துவிட்டால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

சித்தப்பாவின் சிவப்புப் பேனா

குரோம்பேட்டையில் என் சித்தப்பா இருக்கிறார். அச்சகத்தில் புரூப் பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கத்து வீட்டுக்காரர்கள் மேற்குத் தாம்பரத்தில் வீடு கட்டியிருக்கிறார்கள். அவர்களுடைய அழைப்பிதழ்ப் புரூப் சித்தப்பாவிடம் வந்தது. சிவப்பு மையால் திருத்தினார். பட்டியல் போடும் வேலை என்னுடையது.

முதலில் தாளில் ஒவ்வொரு வரிக்கும் இடது பக்கம் பென்சிலால் எண் போட்டேன். தலைப்பே முதல் வரி. இதைச் சொல்லாவிட்டால், தலைப்பை விட்டு எண்ணுகிறவருக்கு எல்லா எண்ணும் ஒன்று தள்ளிப் போகும். பிறகு தாளை ஜன்னல் ஓரம் சமமாக வைத்தேன். செல்போனைத் தாளுக்கு நேர் மேலே பிடித்தேன். சாய்த்துப் பிடித்தால் கீழ் வரிகள் பெரிதாகவும் மேல் வரிகள் சிறிதாகவும் விழும், புள்ளிகள் மறையும். தாளின் நான்கு மூலையும் தெரிய ஒரு படம். மேல் பாதிக்கும் கீழ் பாதிக்கும் கிட்டத்தில் ஒவ்வொரு படம்.

பட்டியல் இப்படி வந்தது:

| இடம் | குறி | திருத்தம் |
|---|---|---|
| வரி 1, "புதுமணை" | "ணை" மேல் சாய்கோடு. ஓரத்தில் "னை" | மூன்று சுழி போய் இரண்டு சுழி: "புதுமனை" |
| வரி 4, "7.30 மணி முதல் 6.00 மணி வரை" | இரண்டு எண்களையும் இணைக்கும் வளைகோடு, ஓரத்தில் "மாற்று" | எண்கள் இடம் மாற வேண்டும்: "6.00 மணி முதல் 7.30 மணி வரை" |
| வரி 5, "நடைபெறஇருப்பதால்" | "ற", "இ" நடுவே நேர்கோடு. ஓரத்தில் # | இடைவெளி விடுக: "நடைபெற இருப்பதால்" |
| வரி 6, "தாங்கள் தாங்கள்", இரண்டாவது சொல் | சொல் மேல் கோடு. ஓரத்தில் சுழித்த வால் | இரண்டாவது "தாங்கள்" நீக்குக |
| வரி 7, "குடும்பத்துடன்" | சொல் மேல் கோடு, கீழே புள்ளிகள், ஓரத்தில் "இருக்கட்டும்" | மாற்றம் இல்லை. சொல் அப்படியே இருக்கும் |
| வரி 8, "நள்வரவை" | "ள்" மேல் சாய்கோடு. ஓரத்தில் "ல்" | "நல்வரவை" |
| வரி 10, கதவு எண் "12" | "2" மேல் சாய்கோடு; ஓரத்தில் ஓர் எண் | 11-ஆ, 17-ஆ? கேட்க வேண்டும் |

முதல் வரியைப் பாருங்கள். மனை என்றால் வீடு. மணை என்றால் உட்காரும் பலகை. அந்தப் பிழை அப்படியே அச்சாகியிருந்தால் ஊரையே பலகைக்குக் கூப்பிட்டிருப்பார்கள்!

பார்த்தது வேறு, நினைத்தது வேறு

"மூன்று கட்டம் எதற்கு? பிழையும் திருத்தமும் போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். நம் பழைய புத்தகங்களின் கடைசியில் "பிழை திருத்தம்" என்று ஒரு பக்கம் இருக்கும். பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று போட்டிருக்கும். அதில் குறிக்கு இடம் இல்லைதான். ஆனால் அதைப் போட்டவர் திருத்தியவரே. மனத்தில் இருந்ததை அவரே எழுதினார். இங்கே திருத்தியவர் ஒருவர், பட்டியல் போடுகிறவர் வேறொருவர். அதனால்தான் நடுக்கட்டம் வேண்டும்.

நடுக்கட்டத்தில் கண் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். மூன்றாவது கட்டத்தில் அதன் பொருளை எழுத வேண்டும். கதவு எண்ணில் சித்தப்பா எழுதியது எனக்கு ஒன்று போலவும் தெரிந்தது, ஏழு போலவும் தெரிந்தது. சொல்லாக இருந்தால் முன்பின் படித்துக் கண்டுபிடித்துவிடலாம். எண்ணுக்கு முன்பின் ஏது? போன் போட்டுக் கேட்டேன். "பதினேழு. ஏழுக்கு வால் வைக்க மறந்துட்டேன்" என்றார். நானாக 11 என்று எழுதியிருந்தால், வந்தவர்கள் வேறு வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார்கள்.

இன்னொன்றும் நடந்தது. கடைசி வரியில் "மேற்குத் தாம்பரம், சென்னை 600 059" என்று இருந்தது. சித்தப்பா அதில் கை வைக்கவில்லை. ஆனால் 59 கிழக்குத் தாம்பரத்தின் எண். மேற்கே 45. தாம்பரத்தில் இது சின்ன விஷயம் அல்ல. நடுவே ரெயில் பாதை. பக்கம் மாறி இறங்கினால், மூட்டை முடிச்சோடு மேம்பாலமோ நடைமேம்பாலமோ ஏறித்தான் வர வேண்டும்.

இதை நான் பட்டியலுக்குள் நுழைக்கவில்லை. உள்ளே போட்டால் சித்தப்பா குறித்ததாக ஆகிவிடும். பட்டியலுக்குக் கீழே, "குறி இல்லை, வரி 11-ல் அஞ்சல் எண் சரிதானா?" என்று தனியாக எழுதினேன். வீட்டுக்காரரைக் கேட்டு, 600 045 என்று உறுதியான பிறகே அனுப்பினேன்.

வாயால் சொன்னால் ஆகாதா?

"இத்தனை பாடு எதற்கு? குரலில் பேசி அனுப்பினால் போயிற்று" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பேசிப் பாருங்கள்! "மனை", "மணை" இரண்டையும் போனில் சொல்லுங்கள். "நல்", "நள்" சொல்லுங்கள். கேட்கிறவர் எதை எழுதுவார்? தமிழில் அச்சுப்பிழைகள் பெரும்பாலும் காதுக்கு ஒன்றுபோல் இருக்கும் எழுத்துகளில்தான் வருகின்றன. அதனால்தான் பட்டியலில்கூட "மூன்று சுழி", "இரண்டு சுழி" என்று எழுத்தின் வடிவத்தைச் சொல்லி எழுதினேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல அச்சகங்களில் இன்னும் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் வேலை செய்கிறார்கள். செல்போனில் நாம் அடித்ததை எடுத்து அங்கே ஒட்டினால் எழுத்துகள் சிதறிவிடும். அவர்கள் பார்த்துத்தான் மறுபடி அடிக்க வேண்டும்.

இடத்தைச் சொல்லும்போது வரி எண் மட்டும் போதாது என்பதும் அனுபவத்தில் தெரிந்தது. ஆறாவது வரியில் ஒரு சொல்லை எடுத்தால் கீழே உள்ளவை மேலே ஏறும். ஏழாவது வரியில் இருந்த சொல் ஆறாவதுக்கு வந்துவிடும். எனவே எண்ணோடு சொல்லையும் எழுதுங்கள். திருத்துகிறவர் பட்டியலைக் கடைசியில் இருந்து மேல்நோக்கிச் செய்தால் இந்தத் தொல்லை இல்லை.

அனுப்பும் முன் தாளில் உள்ள குறிகளையும் பட்டியல் வரிகளையும் எண்ணிப் பார்த்தேன். ஏழுக்கு ஏழு. கிட்டத்தட்ட எல்லா வரிகளிலும் திருத்தம் இருந்தால் பட்டியல் வேண்டாம். முழுவதையும் புதிதாக எழுதிக் கொடுப்பதே நல்லது. படத்தை நகர்த்துவது, பிள்ளையாரை மேலே தூக்குவது போன்றவற்றையும் பட்டியலில் அடக்க முடியாது. தாளில் வரைந்துதான் காட்ட வேண்டும்.

மறுநாள் இரண்டாவது புரூப் வந்தது. சித்தப்பா பட்டியலைக் கையில் வைத்து ஒவ்வொன்றாக டிக் போட்டார். ஏழும் சரி. அஞ்சல் எண்ணும் சரி. ஆனால் அவர் அதோடு விடவில்லை. திருத்திய வரிகளை முதலில் இருந்து முழுவதும் படித்தார். நாலாவது வரியில் எண்களை மாற்றும்போது, முதல் "மணி" காணாமல் போயிருந்தது.

"எழுது" என்றார். "வரி நாலு. 6.00-க்குப் பிறகு கூரைக் குறி. ஓரத்தில் மணி."

ஒரே வரியில் இன்னொரு பட்டியல் போட்டு அனுப்பினேன்.