டாலர் இறங்கியது சரி, செமஸ்டர் செலவு இறங்கியதா?

2024 பிப்ரவரியில் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறக்குறைய 4.80 ரிங்கிட் கொடுத்தோம். 1998 நெருக்கடிக்குப் பிறகு ரிங்கிட் அவ்வளவு தாழ்ந்ததில்லை. அதே டாலர் 2024 செப்டம்பர் இறுதியில் 4.12 ஆனது. அமெரிக்காவில் படிக்க எண்ணியிருந்த குடும்பங்களுக்கு இது நல்ல செய்தி. அந்த வாரமே சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மாணவனும் அவன் தந்தையும் ஈப்போவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். தாத்தா, பாட்டி காலம்வரை தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பம். தந்தை இப்போது லாரி ஓட்டுகிறார்.

“சார், ஒரு செமஸ்டருக்கு 35 ஆயிரம் வெள்ளிதான் வருது. இபிஎஃப்-ல எடுத்துச் சமாளிச்சிடலாம்” என்றார் தந்தை. மகன் போட்ட கணக்கு அவர் கையில் இருந்தது.

ஒரு கிரெடிட்டுக்கு 400 டாலர், 15 கிரெடிட். ஆகக் கட்டணம் 6,000 டாலர். வாடகை மாதம் 600 டாலர், நான்கு மாதத்துக்கு 2,400 டாலர். மொத்தம் 8,400 டாலரை 4.12ஆல் பெருக்கினால் 34,608 ரிங்கிட். பெருக்கலில் பிழையில்லை. ஆனால் கணக்கில் மூன்று இடங்களில் ஓட்டை இருந்தது.

முதல் ஓட்டை வாடகை. பாடம் நான்கு மாதம்தான் நடக்கும். ஆனால், வளாகத்துக்கு வெளியே வீடு எடுத்தால் பெரும்பாலும் 12 மாத ஒப்பந்தம் கேட்பார்கள். விடுமுறையில் ஊருக்கு வந்தாலும் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே ஒரு செமஸ்டரின் பங்கு ஆறு மாத வாடகை, அதாவது 3,600 டாலர்.

இரண்டாவது, கிரெடிட் விலைக்குள் வராத கட்டணங்கள். மருத்துவக் காப்புறுதியையும் மாணவர் சேவைக் கட்டணத்தையும் பல்கலைக்கழகங்கள் தனியாக வாங்குகின்றன. இவனுக்கு அது 1,500 டாலர் என்று வைத்துக்கொண்டோம். இப்போது மொத்தம் 11,100 டாலர்.

மூன்றாவது, நாணய மாற்று. கைப்பேசித் திரையில் தெரிவது சந்தையின் நடு விலை. வங்கி நமக்கு டாலரை விற்கும் விலை அதைவிடக் கூடுதலாக இருக்கும். வங்கி விலை 4.20 என்றால், 11,100 டாலருக்கு 46,620 ரிங்கிட் வேண்டும். 35 ஆயிரம் என்று வந்தவர்களுக்கு இது 12 ஆயிரம் அதிகம். ஊழியர் சேமநிதியின் கல்விப் பணமோ கல்விக் கட்டணத்துக்காகக் கொடுக்கப்படுவது. வாடகைக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

தந்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. மகன்தான் கேட்டான்: “அப்போ 12 கிரெடிட் மட்டும் எடுத்தா 1,200 டாலர் மிச்சமாகுமே சார்?”

பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். அமெரிக்காவில் இளங்கலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் தேவை. 15 வீதம் எடுத்தால் எட்டு செமஸ்டர், 12 வீதம் எடுத்தால் பத்து செமஸ்டர். இரண்டிலும் கிரெடிட் கட்டணம் ஒன்றேதான், 48,000 டாலர். ஆனால் கூடுதல் இரண்டு செமஸ்டருக்கு வாடகை 7,200 டாலர், மற்றக் கட்டணங்கள் 3,000 டாலர். ஆக 10,200 டாலர், நம் பணத்தில் 42,840 ரிங்கிட் கூடுதல் செலவு. செமஸ்டர் ரசீது சிறியதாகத் தெரியும், பட்டத்தின் விலை ஏறிவிடும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கும் இளங்கலை மாணவர் ஒரு செமஸ்டரில் குறைந்தது 12 கிரெடிட் எடுக்க வேண்டும். சரியாக 12 எடுத்தவருக்கு ஒரு பாடம் கடினமாகிவிட்டால், அனுமதியின்றி அதை விட முடியாது, விட்டால் விசா நிலைக்கே ஆபத்து. 15 எடுத்தவருக்கு ஒரு பாடத்தை விடும் இடைவெளி இருக்கிறது. சில பல்கலைக்கழகங்களில் 12 முதல் 18 கிரெடிட்வரை ஒரே கட்டணம். அங்கே 12 எடுப்பதால் ஒரு காசும் மிச்சமில்லை. விண்ணப்பிக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

கடைசியாக நாணய விலை. 1998 செப்டம்பர் முதல் 2005 ஜூலைவரை டாலர் 3.80 ரிங்கிட்டில் நிலைநிறுத்தப்பட்டிருந்தது. அன்று படிக்கப் போனவர்கள் நான்காண்டுச் செலவை ஒரே விலையில் போடலாம். இன்று எட்டு முறை கட்டணம் கட்டினால் எட்டு விலை. ஆகவே இவனுக்கு 4.80 விலையிலும் ஒரு கணக்குப் போட்டேன். ஒரு செமஸ்டருக்கு 53,280 ரிங்கிட் வந்தது.

இரண்டு தொகைகளையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தேன். “பெரிய தொகையைத் தாங்க முடியுமான்னு பாருங்க. சின்னதை நம்பிப் புறப்பட வேண்டாம்” என்றேன். தந்தை தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மகன் அன்றே, கிரெடிட்டுக்குக் கட்டணமா, செமஸ்டருக்குக் கட்டணமா என்று கேட்டு மூன்று பல்கலைக்கழகங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினான்.