கசையடியும் பத்திரிகையும்

1862ஆம் ஆண்டு ஜூலையில், லண்டன் மாநகரில் பில்கிங்டன் என்னும் பார்லிமெண்டு அங்கத்தினரைக் கள்வர் இரவில் தாக்கிக் கொள்ளையிட்டனர். அதுமுதல் பத்திரிகைகள், வழிப்போக்கரின் கழுத்தை நெரித்துப் பறிக்கும் கொள்ளையைப் பற்றியே ஓயாது எழுதின. போலீஸார் விழிப்புற்றுப் பலரைப் பிடித்தனர், வழக்குகள் மிகுந்தன, அம்மிகுதியே ஜனங்களின் அச்சத்திற்குச் சான்றாயிற்று. 1863இல் கொள்ளையருக்குக் கசையடி விதிக்கும் சட்டம் பிறந்தது. ஆயின், சட்டம் வருமுன்னரே அக்கொள்ளை தணிந்துவிட்டது. எனினும், அதனை அடக்கியது கசையே எனப் பலர் நெடுங்காலம் நம்பினர். 1938இல் காடகன் குழுவினர் ஆராய்ந்து, கசையடி குற்றத்தைத் தடுத்தமைக்குச் சான்றில்லை என்றனர். நீதிமன்றங்கள் அதனை விதிப்பது 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. ஆதலின், கடுந்தண்டனை வேண்டுமுன் பெருகியது குற்றமோ, குற்றச் செய்தியோ என்று வினவுதலே நீதியென யாம் துணிகின்றோம்.