இரவல் வாங்கிய உரிமைப் பக்கம்

தம் செலவில் ஆய்வேட்டை நூலாக்கும் இந்திய ஆய்வாளர் பலர், நூல் முழுவதையும் வரிவரியாக மெய்ப்புப் பார்த்துவிட்டு, உரிமைப் பக்கத்தை மட்டும் வேறொரு நூலிலிருந்து படியெடுத்துவிடுகின்றனர். அந்நூல் இலண்டனில் அச்சானதாக இருப்பின், நூலாசிரியராக அறியப்படும் உரிமையை 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலைநாட்டுவதாகக் கூறும் வாசகமும் கூடவே வந்துவிடுகிறது. அது பிரித்தானியச் சட்டம். அங்கு அவ்வுரிமையை ஆசிரியர் வெளிப்படையாகக் கோர வேண்டும். இந்தியாவிலோ 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, கோராமலே அதனை வழங்குகிறது. பதிப்புரிமையைப் பிறருக்கு எழுதிக்கொடுத்த பின்னரும் அது ஆசிரியரிடமே நிற்கும். ஆகவே இங்கு © குறி, உரிமையாளர் பெயர், ஆண்டு ஆகியவையே போதும். பதிவு செய்வதும் கட்டாயமன்று.

அடுத்தது, 'எந்தப் பகுதியையும் எவ்வகையிலும் எடுத்தாளக் கூடாது' என்னும் தடை. ஆய்வுக்கும் திறனாய்வுக்கும் நியாயமான அளவில் எடுத்தாள்வதை அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. பிறர் நூல்களை மேற்கோள் காட்டியே உருவான ஆய்வேடு, அவ்வழியைத் தனக்குப் பின் அடைப்பது முறையன்று. 'ஆய்வு, மதிப்புரை ஆகியவற்றுக்கான மேற்கோள்கள் நீங்கலாக' என்று ஒரு தொடரைச் சேர்த்தால் வாசகம் சட்டத்தோடு பொருந்தும். பிறர் எடுத்த ஒளிப்படங்களின் உரிமை யாருடையது என்பதையும் தனியே குறிக்க வேண்டும்.

மிகுந்த குழப்பம் பதிப்புக் குறிப்பில்தான் நேர்கிறது. ஒரு நூல் 2022இல் நூறு படிகள் அச்சாகி, 2023இல் மாற்றமின்றி மீண்டும் அச்சாகி, 2024இல் 84ஆம் பக்க அட்டவணை திருத்தப்பட்டு வெளிவருவதாகக் கொள்வோம். விற்பனை மிகுதியைக் காட்டும் ஆசையில் 2023ஆம் ஆண்டு அச்சு 'இரண்டாம் பதிப்பு' ஆகிறது. 2024ஆம் ஆண்டுத் திருத்தமோ குறிப்பின்றி நுழைகிறது. பின்னர் இரு ஆய்வாளர்கள் ஒரே 'இரண்டாம் பதிப்பின்' 84ஆம் பக்கத்தைச் சுட்டி வெவ்வேறு எண்களைத் தருவர். எவர் பிழை செய்தார் என்று யாராலும் கூற இயலாது. தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் கோப்பை ஓசையின்றி மாற்றிவிடலாம் என்பதால் இவ்விடர் இன்னும் பெரிது. எழுத வேண்டியது இவ்வளவே:

முதற் பதிப்பு: ஜனவரி 2022
மறு அச்சு: மார்ச் 2023
திருத்திய இரண்டாம் பதிப்பு: ஜூன் 2024 (பக்கம் 84, அட்டவணை)

மறு அச்சுக்குப் பழைய ஐ.எஸ்.பி.என். எண்ணே தொடரும், திருத்திய பதிப்புக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண் வேண்டும்.

இறுதியாகப் பொறுப்புத் துறப்பு. 'இதில் வருவோர் யாவரும் கற்பனையே' என்னும் நாவல் வாசகம் களஆய்வு நூலில் அமர்ந்தால், அந்நூலின் சான்றுகளை அதுவே மறுக்கிறது. அது காப்பும் ஆகாது: சுட்டப்பட்டவர் இன்னார் என்று அறியக்கூடியவராயின், அவ்வரி இருப்பதனால் மட்டும் அவதூறு வழக்கு நில்லாமற் போகாது. 'தகவலாளர் பெயர்களும் ஊர்ப்பெயர்களும் மாற்றப்பட்டுள்ளன. நேர்காணல்கள் அவர்தம் இசைவுடன் பதிவானவை' என்பது உண்மையாயின் அதனையே எழுதலாம். உண்மையன்றெனில், திருத்த வேண்டியது உரிமைப் பக்கத்தையன்று, நூலையே.