பெயரைக் கொடுத்துவிட்டு முகமூடி வாங்குகிறோம்

2022 ஏப்ரல் 3. நாடு முழுக்க ஊரடங்கு. காலையில் எழும்பிப் பார்த்தால் பேஸ்புக் இல்லை, வட்ஸ்அப் இல்லை, யூடியூப் இல்லை. பின்னேரம் தடையை எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முதலே பாதி நாடு விபிஎன் போட்டுவிட்டது. எங்களில் பலருக்கு அந்தச் சொல் அறிமுகமானதே அன்றைக்குத்தான். 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபோது திரும்பவும் அதே கதைதான்: "விபிஎன் போடு மச்சான், ஒருத்தருக்கும் தெரியாது."

ஒருத்தருக்கும் தெரியாதா? எங்கள் போர்டிங் அறையில் நடந்ததைச் சொல்கிறோம்.

ஐந்து பேர் சேர்ந்து, இலவச விபிஎன்களை நம்பக்கூடாது என்று முடிவெடுத்து, விளம்பரங்களில் அடிக்கடி வரும் ஒரு பெரிய சேவையை இரண்டு வருடத்துக்கு வாங்கினோம். மாணவர் சலுகை கிடைக்கும் என்றபடியால் ஒருவரின் கம்பஸ் மின்னஞ்சலைக் கொடுத்தோம். அதில் அவரது பதிவிலக்கம் அப்படியே இருக்கிறது. எங்களிடம் சரியான காட் இல்லை. ரொறன்ரோவில் இருக்கும் ஒருவரின் சித்தப்பா தன் காட் இலக்கத்தைத் தந்தார். இரண்டு வருடம் முடிந்ததும், எங்களைக் கேட்காமல் சித்தப்பாவின் காட்டில் முழு விலைக்குத் திரும்ப வெட்டினார்கள். அவர் அம்மாவுக்குப் போன் எடுக்க, அம்மா எங்களுக்கு எடுத்தா: "களவா என்னடா பார்க்கிறீங்கள், காசு கட்டி மறைக்கிறதுக்கு?"

காசைத் திரும்பக் கேட்டபோது, எங்களைப் பற்றி வைத்திருக்கும் தரவுகளின் பிரதியையும் சேர்த்துக் கேட்டோம். வந்த கோப்பு சின்னது. கம்பஸ் மின்னஞ்சல். வாங்கிய திகதியும் நேரமும். அந்த நேரத்து ஐபி முகவரி, நாடு இலங்கை. காட்டின் வகை, கடைசி 4 இலக்கங்கள், காலாவதி மாதம், வழங்கிய நாடு கனடா. காட்டில் இருந்த பெயர்.

இந்த நிறுவனம் "லொக் வைப்பதில்லை" என்று சொன்னது பொய்யில்லை. நாங்கள் எந்தத் தளத்துக்குப் போனோம் என்று அந்தக் கோப்பில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரு மாணவர், அவரது பதிவிலக்கம், கனடாவில் அவரது உறவினரின் பெயர் ஆகிய மூன்றையும் ஒரே வரியில் கட்டிவைத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் யாருடன் தொடர்பு என்று கேட்டு வீட்டுக் கதவைத் தட்டிய அனுபவம் எங்கள் ஊரில் எத்தனை குடும்பங்களுக்கு உண்டு! அந்தக் கேள்விக்கான பதிலை, சலுகை விலைக்காக, நாங்களே தட்டெழுதிக் கொடுத்திருக்கிறோம்.

எங்கள் வாதம் இதுதான். விபிஎன் நிறுவனத்திடம் எல்லோரும் "லொக் வைக்கிறீர்களா" என்று கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது "என் பெயர் உனக்கு எதுக்கு?" என்பது. போய்வந்த தடயத்தை நேர்மையான நிறுவனம் அழித்துவிடலாம். காசு வாங்கிய தடயத்தை நினைத்தவுடன் அழிக்க முடியாது, கணக்கியல் சட்டம் விடாது. சுவீடனில் கணக்குப் பதிவுகளை 7 வருடம் வைத்திருக்க வேண்டும். பதிவு எப்படியும் இருக்கும். அதில் நாம் யார் என்று எழுதியிருக்கிறதா என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

காட்டை எடுத்துக்கொள்வோம். முழு இலக்கமும் பெரும்பாலும் விபிஎன் நிறுவனத்துக்குப் போவதில்லை. ஸ்ட்ரைப் போன்ற இடைநிறுவனம் அதை வாங்கி வைத்துக்கொள்ளும். விபிஎன்காரருக்குக் கடைசி 4 இலக்கங்களும் வழங்கிய நாடும் தெரியும், படிவத்தில் கேட்டிருந்தால் பெயரும் தெரியும். அதோடு அந்தக் காட்டுக்கென்று ஓர் அடையாளக் குறியும் கிடைக்கும். வேறு மின்னஞ்சலில் இரண்டாவது கணக்குத் திறந்து அதே காட்டால் கட்டினால், இரண்டும் ஒரே காட் என்று அந்தக் குறி சொல்லிவிடும். மின்னஞ்சலை மாற்றிக் காட்டை மாற்றாமல் விட்டால் மாற்றியதில் பயனில்லை. மற்றப் பக்கத்தில் வங்கிக்குக் கடையின் பெயர் தெரியும். அப்பாவின் கணக்கில் எடுத்த காட் என்றால் ஓடிபியும் குறுஞ்செய்தியும் போவது அப்பாவின் போனுக்கு.

"அப்போ கூகிள் ப்ளேயில் வாங்கினால்?" என்று கேட்பீர்கள். அதில் ஒரு நன்மை உண்டு. உங்கள் காட் விவரம் விபிஎன் நிறுவனத்துக்குப் போகாது, ஒரு ஓடர் இலக்கம்தான் போகும். ஆனால் கூகிளுக்கு உங்கள் பெயரும் தெரியும், வாங்கியதும் தெரியும். வங்கிக் கூற்றில் `GOOGLE *` என்று தொடங்கி, பின்னால் செயலியின் பெயரோ அதைச் செய்தவரின் பெயரோ வரும். பேபாலில் கட்டினால் பெயரும் பேபால் மின்னஞ்சலும் விற்பவருக்கே போய்விடும். ஆக, வாலட் எதையும் மறைக்கவில்லை. யாருக்குத் தெரியும் என்பதைத்தான் மாற்றுகிறது.

இந்த இடத்தில் ஒரு சீனியர் கட்டாயம் வருவார்: "கிரிப்டோவில் கட்டுங்கடா." சொல்வது சுலபம். பிட்கொயினின் பேரேடு உலகத்துக்கே திறந்தது. அடையாள அட்டைப் படமும் செல்ஃபியும் கொடுத்துத் திறந்த பரிமாற்றகக் கணக்கிலிருந்து நேரே விபிஎன்காரருக்கு அனுப்பினால், அது காட்டைவிடப் பகிரங்கமான தடயம். மொனேரோ உண்மையாகவே மறைக்கும். அனுப்பியவர், பெற்றவர், தொகை மூன்றும் அதன் பேரேட்டில் வெளியே தெரியாது. ஆனால் அதை எங்கே வாங்குவது? பைனான்ஸ் 2024 பெப்ரவரியில் மொனேரோவை நீக்கிவிட்டது. மெய்நிகர் நாணயக் கொடுக்கல் வாங்கலுக்கு வங்கிக் காட்டுகளைப் பாவிக்க முடியாது என்று நம் மத்திய வங்கி சொல்லியிருக்கிறது. மிச்சமிருப்பது, முகம் தெரியாத ஒருவரின் வங்கிக் கணக்குக்குக் காசு போட்டு வாங்குவது. அவர் ஏதாவது மோசடியில் மாட்டினால் அவரது கணக்குக் கூற்றில் நம் பெயர் இருக்கும். விபிஎன்காரரிடம் பெயரை மறைக்கப் போய், அதைவிட மோசமான இடத்தில் பெயரை எழுதுவதா? மொனேரோ கையில் உள்ளவர் கட்டட்டும். இல்லாதவரைக் கோழை என்று சொல்ல வேண்டாம்.

காட்டுக்காவது வேறு வழி இல்லை என்று சொல்லலாம். மின்னஞ்சல் முழுக்க நம் தெரிவு. அதில்தான் நாம் அதிகம் கவனக்குறைவு.

2024 இல் வெளிவந்த ஒரு சம்பவம் இது. கட்டலோனிய இயக்கத்தோடு தொடர்புடையவர் என்று ஸ்பெயின் பொலிஸ் சந்தேகித்த ஒருவர், புனைபெயரில் புரோட்டோன் மெயில் பாவித்தார். விபிஎன் விற்கும் அதே புரோட்டோன்தான். கடிதங்களைப் புரோட்டோனாலேயே வாசிக்க முடியாது. சுவிற்சர்லாந்தின் சட்ட வழியால் கோரிக்கை வந்தபோது அவர்களிடம் கொடுக்க இருந்தது ஒன்றுதான்: கடவுச்சொல் மறந்தால் மீட்பதற்காக அவர் கொடுத்திருந்த மற்ற மின்னஞ்சல் முகவரி. அது அப்பிள் முகவரி. பொலிஸ் அப்பிளிடம் போனது, பெயரும் வீட்டு முகவரியும் கிடைத்தன. குறியாக்கம் எங்கும் உடையவில்லை. விரும்பினால் மட்டும் நிரப்பச் சொன்ன ஒரு பெட்டியை அவர் நிரப்பியிருந்தார், அவ்வளவுதான்.

ஜிமெயிலில் பெயருக்குப் பின்னால் `+vpn` சேர்த்தால் வேறு முகவரி என்று நினைப்பவர்கள் எங்களிடையேயும் உண்டு. அந்தக் கூட்டல் குறியிலிருந்து வெட்டிவிட்டால் பழைய முகவரி அப்படியே நிற்கும். இந்த வேலைக்கு மட்டும் ஒரு புதிய முகவரி திறந்து, அதில் மீட்பு மின்னஞ்சலும் போன் இலக்கமும் கொடுக்காமல் விடுவது பரவாயில்லை. அதைவிட நல்லது, மின்னஞ்சலே கேட்காத இடத்தில் வாங்குவது.

அப்படி இடம் உண்டு. சுவீடனின் முல்வாட் கணக்குத் திறக்கும்போது பெயரும் கேட்பதில்லை, மின்னஞ்சலும் கேட்பதில்லை. 16 இலக்கங்கள் கொண்ட ஒரு எண்ணைத் தருகிறது. அந்த எண்தான் கணக்கு. ஐவிபிஎன் என்ற சேவையும் இதே மாதிரி. முல்வாட்டின் விலை மாதம் 5 யூரோ, இரண்டு வருடச் சலுகை என்ற தூண்டில் இல்லை. தானாகப் புதுப்பிக்கும் சந்தாவை 2022 இல் நிறுத்திவிட்டார்கள். மாதாமாதம் வெட்டுவதென்றால் கணக்கையும் காட்டையும் இணைக்கும் தகவலைத் தொடர்ந்து வைத்திருக்க வேண்டும் என்பதே காரணம். 2023 ஏப்ரல் 18 இல் சுவீடன் பொலிஸ் தேடுதல் ஆணையுடன் அவர்களது அலுவலகத்துக்குப் போனது. தேடிய வாடிக்கையாளர் தகவல் அங்கே இல்லாததால் எதையும் எடுக்காமல் திரும்பியது.

ஆனால் அங்கேயும் காட்டால் கட்டினால் இடைநிறுவனத்தின் பதிவில் பெயர் இருக்கும். ஆகவே நாங்கள் இரண்டாம் முறை வேறு மாதிரிச் செய்தோம். முல்வாட்டுக்கு ரீலோட் காட் மாதிரிச் சுரண்டும் அட்டை உண்டு, சில நாடுகளில் அமேசானில் விற்கிறார்கள். அதே சித்தப்பா ஒன்றை வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் உறையைப் பிரிக்காமல் கொடுத்துவிட்டார். நாங்கள் இங்கே சுரண்டி, இலக்கத்தைக் கணக்கில் போட்டோம். அமேசானுக்குச் சித்தப்பா ஒரு அட்டை வாங்கியது தெரியும், அது எந்தக் கணக்குக்குப் போனது என்று தெரியாது. முல்வாட்டுக்குக் கணக்கில் ஒரு அட்டை போடப்பட்டது தெரியும், யார் வாங்கியது என்று தெரியாது. முதல் கோப்பில் ஒரே வரியில் இருந்தவை இப்போது இரண்டு துண்டு. ஒரு கணக்கில் 5 கருவிகள் இணைக்கலாம் என்பதால் ஆளுக்கு மாதம் 1 யூரோ. கணக்கு எண்ணை மட்டும் வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அதற்குத் தனிக் கடவுச்சொல் கிடையாது, எண் தெரிந்தவர் எல்லோரும் உள்ளே வரலாம்.

இதன் எல்லையையும் மறைக்காமல் சொல்கிறோம். காசைத் தடயமில்லாமல் கட்டினாலும், இணையும் ஒவ்வொரு முறையும் நம் ஐபி முகவரி விபிஎன்காரருக்குத் தெரியும். அந்த முகவரி வீட்டுக்காரரின் பெயரில் எடுத்த இணைப்பினுடையது, அல்லது அடையாள அட்டை கொடுத்து எடுத்த சிம்மினுடையது. அதை அவர்கள் எழுதி வைக்கிறார்களா என்பதில் நம்பிக்கைதான் மிச்சம். நாம் விபிஎன் பாவிக்கிறோம் என்பது நம் இணையச் சேவையாளருக்கும் தெரியலாம். பெயரில்லாமல் கட்டியதால் நாம் ஆவி ஆகிவிடவில்லை. பல வருடம் கிடக்கும் ஒரு பதிவில் நம் பெயரும் உறவினர் பெயரும் இல்லாமல் பார்த்துக்கொண்டோம், அவ்வளவே.

"மறைக்க ஒன்றுமில்லை என்றால் ஏன் இந்தப் பாடு?" என்று கேட்பவர்களுக்கு: மறைக்க ஒன்றுமில்லை என்றால் விபிஎன்னே வேண்டாம், அந்தக் காசுக்குக் கொத்து சாப்பிடலாம். ஆனால் வேண்டும் என்று முடிவெடுத்துக் காசும் கட்டுபவர், முதல் பக்கத்திலேயே பதிவிலக்கத்தையும் சித்தப்பாவின் பெயரையும் கொடுத்துவிட்டு உள்ளே போவது என்ன நியாயம்? சித்தப்பாவிடம் நாங்கள் அனுமதி கேட்டது காட் இலக்கத்துக்கு மட்டும். அவரது பெயரை எங்கள் பெயரோடு சேர்த்து ஒரு அந்நியரின் கோப்பில் எழுதுவதற்கு நாங்கள் கேட்கவில்லை. அந்தக் கோப்பு இன்னும் அங்கேதான் கிடக்கிறது.