எட்டு விளக்கும் எரிந்தால் போதுமா?

மாடி அறையில் மகனுக்கு வீட்டிலிருந்தே வேலை. கீழே ரூட்டரிலிருந்து இருபது மீட்டர் கேபிள் இழுத்து, தெரிந்த பையன் ஒருவன் இரண்டு முனையிலும் ப்ளக் போட்டுக் கொடுத்தான். டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரிந்தன. ஆனால் வீடியோவில் பேசினால் படம் உறைந்து நின்றது. பெரிய ஃபைல் அனுப்பினால் பாதியில் திணறியது.

“டெஸ்டர் ஓகே சார், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தாப் போதும்” என்றான். எனக்கு அதில்தான் உடன்பாடில்லை.

கண்ணாடி போட்டுக்கொண்டு ப்ளக்கைப் பார்த்தேன். ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பிரவுன் ஜோடி என்று அழகாக அடுக்கியிருந்தான். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் வழக்கமாகப் போடும் ‘பி’ முறை வேறு. க்ளிப் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். பச்சை ஜோடி பிரிந்து நின்று, நீல ஜோடியை நடுவில் வைத்துக்கொள்கிறது.

காரணம் இதுதான். கருவி 3, 6 ஆகிய இரண்டு பின்களையும் ஒரே ஜோடியாக எடுத்துக்கொள்கிறது. ஒன்றையொன்று முறுக்கிய இரு கம்பிகளில்தான் சத்தம் ஒன்றுக்கொன்று கழிந்து போகும். பையன் போட்ட வரிசையில் 3-இல் வெள்ளை-பச்சை, 6-இல் நீலம். இரண்டும் வெவ்வேறு முறுக்கு. தொலைபேசித் துறையில் இருந்தவர்களுக்கு இது பழைய கதை: ஜாயின்ட் போடும்போது ஜோடி மாறினால் மணி அடிக்கும், பேசவும் முடியும், ஆனால் பக்கத்து லைன்காரர் குடும்பச் சண்டையும் கூடவே கேட்கும்!

அந்த மலிவு டெஸ்டர் கம்பி முனைக்கு முனை போய்ச் சேர்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். விளக்கு எரியாவிட்டால் அந்தக் கம்பி அறுந்திருக்கிறது, அல்லது சரியாகக் கிரிம்ப் ஆகவில்லை. எதிர்முனையில் வரிசை தாண்டி எரிந்தால் கம்பி இடம் மாறியிருக்கிறது. எந்தக் கம்பி எதோடு முறுக்கப்பட்டது என்பது அதற்குத் தெரியாது. ஒரு மீட்டர் கேபிளில் இந்தத் தப்பு வெளியே தெரியாமலே கூடப் போகலாம். நீளம் கூடும்போதுதான் குட்டு வெளிப்படும். ஆகவே முதலில் கண்ணால் நிறத்தைப் பார்க்க வேண்டும், டெஸ்டர் பிறகு.

இரண்டு ப்ளக்கையும் வெட்டி எறிந்தோம். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காமல், கம்பிகள் முன்சுவரைத் தொடும்வரை தள்ளி, வெளி உறையும் ப்ளக்குக்குள் போகும்படி வைத்துக் கிரிம்ப் செய்தான். டெஸ்டரில் முன்பு போலவே அதே எட்டு விளக்குகள். கம்ப்யூட்டரில் மட்டும் 100 என்று காட்டிய வேகம் 1000 ஆகியிருந்தது. பையன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “போன வாரம் இன்னொரு வீட்லயும் இப்படித்தான் சார் போட்டேன்” என்றான்.